முள்ளுக்குப் பயந்து டயரை மாத்தலாமா? நின்னு ஓட்டுற ஸ்கூட்டருக்கு 28 குறிப்புகள்

எங்க பையன் ஊத்துக்குளியில் வீட்டிலிருந்து பனியன் கம்பெனிக்கு 4 கிலோமீட்டர் போக, மடக்கி எடுத்துக்கிற மாதிரி நின்னு ஓட்டும் மின்சார ஸ்கூட்டர் ஒண்ணு வாங்கினான். பெட்ரோல் செலவு மிச்சம்னு சந்தோஷப்பட்டோம். ஆனா ஆறு மாசத்தில் ஏழு பஞ்சர்! "பேசாம காத்தே இல்லாத சாலிட் டயர் போட்டுடலாம்மா"ன்னு ஒத்தக் கால்ல நின்னான். மாத்தறதுக்கு முன்னாடி கொஞ்சம் விசாரிச்சோம், கொஞ்சம் சோதிச்சோம். அதில் கிடைச்சதை உங்களோடும் பகிர்ந்துக்கறேன்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. கடையிலோ படத்திலோ ஸ்கூட்டரைப் பார்க்கும்போது, முதல்ல சக்கரத்தின் உள்வட்டத்தைப் பாருங்க. காத்து அடிக்கிற வால்வு தலை தெரிஞ்சா காத்து டயர். வால்வே இல்லாம, டயரின் பக்கவாட்டில் தேன்கூடு மாதிரி வரிசையா ஓட்டைகள் இருந்தா அது சாலிட் டயர். அந்த ஓட்டைகள் மெத்துன்னு இருக்கறதுக்காக விட்டவை. ரெண்டுமே இல்லாம மொழுமொழுன்னு இருந்தா முழு ரப்பர், அதுதான் ரொம்பக் கடினம்.

2. சாலிட் டயர் வண்டி வாங்கறதா இருந்தா, ஸ்பிரிங் இருக்கான்னு பார்த்துட்டே விலை பேசுங்க. காத்து டயர் வண்டியில் காத்துதான் ஸ்பிரிங். காத்தை எடுத்துட்டா அந்த வேலையை வேற ஒண்ணு செய்யணும். ஸ்பிரிங் இல்லாத வண்டிக்குச் சாலிட் டயர் மாட்டினா, ரோட்டின் ஒவ்வொரு கல்லும் கணுக்காலில் கணக்குச் சொல்லும்.

3. ரெண்டு வண்டியும் ஒரே விலைன்னா, சக்கரம் பெரிசா இருக்கறதை எடுங்க. 8½ அங்குலச் சக்கரம் முட்டித் திணறுகிற குழியை 10 அங்குலச் சக்கரம் ஏறி இறங்கிடும். பெரிய டயரில் காத்தும் அதிகம் பிடிக்கும். அதனால அழுத்தம் கொஞ்சம் குறைச்சு வெச்சாலும் தாங்கும், பயணமும் மெத்துன்னு இருக்கும்.

4. "சாலிட் டயர்தான் புது டெக்னிக்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க; அதுதான் பழசு. முன்னாடி சைக்கிள்களுக்கெல்லாம் கட்டி ரப்பர்தான். 1888 வாக்கில் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தன் பையனின் மூணு சக்கர சைக்கிள் அதிராம ஓட ரப்பர்க் குழாயில் காத்தடைச்சு மாட்டினார். மாட்டு வைத்தியர் கொடுத்த காத்து டயரை, வெண்ணெய்க்குப் பேர்போன நம்ம ஊர் லேசில் விட்டுடக் கூடாதுங்க!

5. எந்த டயர்னு முடிவு பண்றது வண்டி இல்லீங்க, பாதைதான். ஒரு காகிதத்தில் தினசரிப் பாதையை எழுதுங்க: தார் ரோடு எவ்வளவு, சிமென்ட் தளம் எவ்வளவு, இட்டேரி எவ்வளவு, எத்தனை வேகத்தடைன்னு. எங்க பையனுக்கு 4 கிலோமீட்டரில் 3 தார், மீதி கிளுவை வேலிக்கு நடுவில் போற இட்டேரி. இந்தக் காகிதம் இல்லாம கடைக்காரர் பேச்சை மட்டும் கேட்டு வாங்கினா, ரெண்டாந்தடவை செலவு நிச்சயம்.

காத்து அழுத்தம்: காசில்லாத வைத்தியம்

6. டயரின் பக்கவாட்டில் குனிஞ்சு பார்த்தா அழுத்த எண் அச்சடிச்சிருக்கும். அது 'இதுக்கு மேல வேண்டாம்'ங்கிற எல்லை. அடிக்க வேண்டிய அளவு வண்டியோட வந்த புத்தகத்தில் இருக்கும். 8½ × 2 அளவு ட்யூப் டயருக்குப் பெரும்பாலும் 45 முதல் 50 பி.எஸ்.ஐ. வரைன்னு சொல்வாங்க. 10 அங்குலத் தடி டயருக்கு அதைவிடக் குறைவா இருக்கும். ஒண்ணின் கணக்கை இன்னொண்ணுக்குப் போடாதீங்க.

7. ஓட்டறவங்க எடையைப் பார்த்து அந்த வரம்புக்குள்ள அளவைத் தேர்ந்தெடுங்க. 50 கிலோ பிள்ளைக்குக் கீழ் எண் போதும். 80 கிலோ ஆளுக்கு மேல் எண் வேணும். ரெண்டு சக்கரத்தில் பின்சக்கரம்தான் அதிகம் சுமக்கும். அதனால முன்னாடி 45 வெச்சா பின்னாடி 48னு ரெண்டு மூணு கூட்டிக்கங்க.

8. பெட்ரோல் பங்க்கில் "காத்து அடிங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு நிக்காதீங்க. அங்கே பைக்குக்கு வெச்ச 30 சொச்சத்திலேயே மெஷின் இருக்கும்; உங்க சின்ன டயருக்கு அது பாதிப் பட்டினி. "45 வைங்க தம்பி"ன்னு எண்ணைச் சொல்லிக் கேளுங்க. சக்கரம் சின்னதுங்கறதால குழாய்த் தலை உள்ளே நுழையாம முட்டும். வளைஞ்ச வால்வு நீட்டி ஒண்ணை வண்டிப் பையிலேயே போட்டு வைங்க.

9. கம்பெனியில் கம்ப்ரஸர் இருக்கேன்னு துணி ஊதற குழாயை இந்த டயரில் வைக்கவே வைக்காதீங்க. அந்தக் குழாயில் 90, 100 பி.எஸ்.ஐ. ஓடும், 8½ அங்குல ட்யூபோ முக்கால் லிட்டர்கூடப் பிடிக்காது. கண் மூடித் திறக்கறதுக்குள்ள நிறைஞ்சு, டயர் விளிம்பைவிட்டு எகிறி, 'டமால்'னு வெடிக்கும். வேற வழியில்லேன்னா அழுத்தமானி வெச்ச குழாயில், தொட்டுத் தொட்டு எடுங்க.

10. வீட்டில் பழைய சைக்கிள் பம்ப் இருந்தா தூக்கிப் போடாதீங்க, ஆனா அப்படியே மாட்டவும் முடியாது. நம்ம ஊர் சாதா சைக்கிள் வால்வு வேற, ஸ்கூட்டருக்கு பைக் வால்வு. திருகி மாட்டற சின்னப் பித்தளை மூடி சைக்கிள் கடையில் கிடைக்கும், அதைப் போட்டா பழைய பம்ப்பே போதும். சின்ன ட்யூபுங்கறதால சீக்கிரம் நிறைஞ்சிடும்.

11. அழுத்தமானியை வால்வில் வைக்கும்போது 'புஸ்'ஸுன்னு போற காத்து, பெரிய டயரில் தெரியாது. இதில் ஒண்ணு ரெண்டு பி.எஸ்.ஐ. போயிடும். அதனால 47 அடிச்சுட்டு அளந்தா 45 நிக்கும். திரும்பத் திரும்ப அளந்துக்கிட்டே இருந்தா, அளக்கறதிலேயே காத்து இறங்கிடும். ஒரே தடவை நேரா வெச்சு எடுங்க.

12. பஞ்சரே இல்லாட்டாலும் ட்யூப் ரப்பர் வழியா காத்து கசிஞ்சுக்கிட்டே இருக்கும். இத்தனூண்டு ட்யூபில் அது சீக்கிரம் தெரியும். வெள்ளிக்கிழமை வாசல் கழுவற நேரத்தையே காத்துப் பார்க்கிற நேரமா வெச்சுக்கங்க. வாரம் ரெண்டு நிமிஷம், அவ்வளவுதான். எங்க வீட்டில் ஏழு பஞ்சரை ரெண்டாக் குறைச்சது இந்த ரெண்டு நிமிஷம்தான்.

13. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து "கல்லாட்டம் இருக்கு"ன்னு திருப்திப்படாதீங்க. இந்த டயரின் சுவர் தடிப்பு, 25 பி.எஸ்.ஐ.யிலும் விரலுக்குக் கெட்டியாவே தெரியும். ஒரு நாள் அழுத்தமானி வெச்சு 25இல் ஒரு தடவை, 45இல் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. உங்க விரல் எவ்வளவு பொய் சொல்லுதுன்னு புரியும்.

14. அழுத்தமானியே இல்லையா? கோலப்பொடி எடுங்க. சிமென்ட் தரையில் மெல்லிசா தூவி, பின்சக்கரத்தைத் தூக்கி அதன்மேல் இறக்கி நிறுத்தி, ஆள் ஏறி நின்னு இறங்கினதும் மறுபடி தூக்கிப் பாருங்க. 65 கிலோ ஆளுக்கு 45 பி.எஸ்.ஐ. இருந்தா, தடம் தீப்பெட்டி முகத்தைவிடக் கொஞ்சம் சின்னதா, 14 சதுர சென்டிமீட்டர் அளவில் இருக்கும். 25க்கு இறங்கிட்டா அது ஏறக்குறைய ஒண்ணேமுக்கால் மடங்கா அகண்டு, ஓரம் வரைக்கும் அப்பிக்கும். இதே சோதனையைச் சாலிட் டயரில் செஞ்சா சின்னக் கீத்து மாதிரிதான் தடம் விழும். தரையை எவ்வளவு தொடுதுன்னு கண்ணாலேயே பார்த்துக்கலாம்.

15. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நிக்கிற வண்டியில் காத்து தானே விரியும். 10 டிகிரி சூடு ஏறினா சுமார் 2 பி.எஸ்.ஐ. கூடும். அதனால காத்தை எப்பவும் காலையில், டயர் ஆறியிருக்கும்போது அளந்து அடிங்க. மத்தியானம் 50 காட்டுதேன்னு இறக்கிவிட்டா, மறுநாள் காலையில் குறைஞ்சு கிடக்கும்.

பஞ்சர்: ஓட்டையைப் படிச்சாலே பாதி மிச்சம்

16. பஞ்சர் ஒட்டறதுக்கு முன்னாடி ஓட்டையைப் பாருங்க, அதுதான் காரணத்தைச் சொல்லும். ஒத்தை ஓட்டை, வெளிப்பக்கமா இருந்தா முள். பாம்பு கடிச்ச தடம் மாதிரி அடுத்தடுத்து ரெண்டு கீறல் இருந்தா, காத்துக் குறைஞ்ச டயர் குழியிலோ வேகத்தடையிலோ மோதி, விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் ட்யூப் நசுங்கியிருக்கு. வால்வின் அடியில் கிழிஞ்சிருந்தா, காத்தில்லாம ஓட்டி ட்யூப் உள்ளே நழுவி இழுத்திருக்கு.

17. காலண்டரில் பஞ்சர் தேதிக்குப் பக்கத்தில் 'முள்', 'நசுங்கல்', 'வால்வு'ன்னு ஒரு வார்த்தை எழுதி வைங்க. எங்க வீட்டு ஏழு பஞ்சரில் நாலு நசுங்கல், ஒண்ணு வால்வு, ரெண்டே ரெண்டுதான் முள். முள்ளு மேல பழியைப் போட்டுச் சாலிட் டயர் வாங்கப் போனோம். அஞ்சுக்குக் காரணம் நம்ம சோம்பேறித்தனம்! வாரக் காத்து ஆரம்பிச்ச அடுத்த ஆறு மாசத்தில் ரெண்டே பஞ்சர், ரெண்டும் முள்.

18. நம்ம பக்கத்து முள்ளைத் தெரிஞ்சு ஒதுங்கினா ட்யூப் தப்பிக்கும். கிளுவை வேலி வெட்டின நாளும் அடுத்த சில நாளும் இட்டேரியின் ஓரத்தில் போகாம நடுத்தடத்தில் போங்க. மழைக்கு முளைச்ச நெருஞ்சி காய்ஞ்சதும் அதன் காய்தான் மோசம். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல நோக்கியே நிக்கும். செருப்பில் ஒட்டிக்கிட்டு வாசலுக்கும் வந்துடும், வண்டி நிறுத்தற இடத்தைக் கூட்டி வைங்க.

19. புது ட்யூப் போட்ட மறுநாளே மறுபடி பஞ்சரா? பழைய முள் நுனி டயருக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கும். விரலால் தடவிக் குத்து வாங்காதீங்க. நம்ம வீட்டில் பஞ்சமே இல்லாத பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டி, டயரின் உள்பக்கம் ஒரு சுத்துத் தடவுங்க. நூல் எங்கே சிக்குதோ அங்கே முள். வெளியிலிருந்து தள்ளி, நகவெட்டியால் பிடுங்கிடலாம்.

20. ஓட்டையே தெரியலே, ஆனா ராத்திரியோட காத்து இறங்குதுன்னா, டயரைக் கழட்டறதுக்கு முன்னாடி வால்வைச் சோதிங்க. மூடியைத் திருகி எடுத்து, வாயில் சோப்புத் தண்ணி ஒரு சொட்டு வைங்க. குமிழ் வந்தா உள்ளே இருக்கிற குச்சி தளர்ந்திருக்கு. வால்வு சாவியால் ஒரு இறுக்கு இறுக்கினா போதும். ஒரு பஞ்சர் கூலியும் அரை நாளும் மிச்சம்.

21. சின்ன டயரைக் கழட்டறதுதான் பெரிய வேலை, பைக் மெக்கானிக்கே சலிச்சுக்குவார். சக்கரத்தைக் கழட்டி அரை மணி நேரம் வெயிலில் வெச்சா ரப்பர் இளகும்; விளிம்பில் சோப்புத் தண்ணி தடவினா நெம்புகோல் வழுக்கிக்கிட்டு உள்ளே போகும். மாட்டும்போது ட்யூபில் கொஞ்சமா காத்து அடிச்சு, வட்டமா நிக்கறபடி வெச்சு, முகப்பவுடர் தூவி உள்ளே விடுங்க. தட்டையா இருக்கிற ட்யூப்தான் நெம்புகோலில் கடி வாங்கி, வீட்டிலேயே புதுப் பஞ்சர் ஆகும்.

22. மோட்டார் இருக்கிற சக்கரம்னா அவசரப்படாதீங்க. அதிலிருந்து வயர் வரும், அதை இழுத்தா பஞ்சரைவிடப் பெரிய செலவு. நட், வாஷர் எல்லாம் எந்த வரிசையில் இருக்குன்னு கழட்டும்போதே செல்போனில் படம் பிடிச்சுக்கங்க. பல வண்டியில் மோட்டார் முன்னாடி இருக்கும், சிலதில் பின்னாடி. உங்களது எதுன்னு பஞ்சர் ஆகறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வைங்க.

23. நிஜமாவே முள் தொல்லைதான்னா, சாலிட் டயருக்கு முன்னாடி பஞ்சர் திரவத்தை முயற்சி பண்ணுங்க. வால்வுக் குச்சியைக் கழட்டி, 8½ அங்குல ட்யூபுக்குச் சுமார் 50 மில்லி விட்டு, காத்தடிச்சு, சக்கரத்தைச் சுத்தி விடுங்க. நெருஞ்சி முள் அளவு ஓட்டையை அது தானே அடைச்சுக்கும். முள்ளைப் பிடுங்கினதும் ஓட்டை கீழே வர்ற மாதிரி நிறுத்திச் சுத்துங்க. நசுங்கல் கீறலை அது அடைக்காது. வெயிலில் சில மாசத்தில் காய்ஞ்சும் போகும். விட்ட தேதியை டயர் ஓரத்தில் பேனாவால் எழுதி வைங்க.

24. இந்த அளவு ட்யூப் எல்லாப் பஞ்சர் கடையிலும் இருக்காது. பஞ்சர் ஆனதும் தேடினா வண்டி ஒரு வாரம் திண்ணையில் கிடக்கும். வண்டி வாங்கும்போதே வளைஞ்ச வால்வு வெச்ச ட்யூப் ஒண்ணு கூடவே வாங்கி, பவுடர் போட்டுக் கவரில் கட்டி வைங்க. வழியில் காத்து போனா, "கிட்டத்தான் வீடு"ன்னு ஏறி ஓட்டாதீங்க, இறங்கித் தள்ளிட்டு வாங்க. ஒத்தை ஓட்டை ட்யூபோட போயிருக்கும், ஓட்டினா வால்வு, டயர், விளிம்பு மூணும் போகும்.

சாலிட் டயருக்கே போறதுன்னா

25. அதை வீட்டில் மாட்டலாம்னு கணக்குப் போடாதீங்க, எங்க பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு ஞாயித்துக்கிழமையே தொலைச்சார். கொதிக்கிற தண்ணியில் ஊற வெச்சு, பிளாஸ்டிக் பட்டையால் டயரையும் விளிம்பையும் சேர்த்துக் கட்டிக் கட்டி இழுத்தும், கடைசி நாலு அங்குலம் ஏறலே; விளிம்பில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். மாட்டத் தெரிஞ்ச கடையில் கூலி கொடுத்துப் போடறதே சிக்கனம். பஞ்சர் கடை அண்ணன் சொன்னதும் இதுதான்: "ஏனுங்க அக்கா, இதை ஒருக்கா மாட்டினா கழட்டறது கத்தியாலதானுங்க."

26. சாலிட் டயர் போட்டா ஒரு சார்ஜுக்கு ஓடற தூரம் குறையும். கட்டி ரப்பர் நசுங்கி விரியறதில் சக்தி சூடாப் போயிடும். எவ்வளவு குறையுதுன்னு நீங்களே அளந்துக்கலாம். மாத்தறதுக்கு முந்தின வாரம் முழுச் சார்ஜில் கிளம்பி, எத்தனை நாள் அதே பாதை போனா கடைசிக் கோடு வருதுன்னு எழுதுங்க. மாத்தின பிறகும் அதே ஆள், அதே பாதை. ஒரு நாள் குறைஞ்சா அதுவும் டயரின் விலையில் சேர்ந்ததுதான். காத்துக் குறைஞ்ச டயரும் இதே மாதிரி சார்ஜைத் தின்னும், மறக்காதீங்க.

27. ஈரத்தில்தான் ரெண்டு டயருக்கும் நிஜமான வித்தியாசம். காத்து டயர் ரோட்டின் சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் அமுங்கிப் பிடிக்கும். கட்டி ரப்பர் மேலாகத் தொட்டுக்கிட்டு வழுக்கும். வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, டைல்ஸ், மாட்டுச் சாணம் ஆகிய நாலையும் நேரா, பிரேக் பிடிக்காம, திரும்பாம கடந்துடுங்க. மாத்தின பிறகு முதல் மழைக்கு முன்னாடி, ஆளில்லாத இடத்தில் கோடு போட்டு, மெதுவான வேகத்தில் காய்ஞ்ச தரையிலும் நனைச்ச தரையிலும் பிரேக் பிடிச்சுப் பாருங்க. நிக்கிற தூரம் எவ்வளவு நீளுதோ, அவ்வளவு முன்னாடியே பிரேக் பிடிக்கக் கை பழகணும். அதிர்ச்சியில் மரையெல்லாம் தளரும். வாரக் காத்து மிச்சமானாலும் அந்த ரெண்டு நிமிஷத்தில் மடக்குப் பூட்டையும் கைப்பிடித் திருகுகளையும் ஒரு சுத்து இறுக்குங்க.

28. ரெண்டு சக்கரத்தையும் ஒரே மாதிரி வெச்சுக்கணும்னு சட்டமில்லீங்க. பின்சக்கரம் வழுக்கினா சமாளிச்சுக் காலை ஊணிடலாம், முன்சக்கரம் வழுக்கினா மூக்குதான் தரையில். அதனால மாத்தியே ஆகணும்னா பின்னாடி மட்டும் சாலிட், முன்னாடி காத்து. பனியன் கம்பெனிக் குடோனுக்குள்ளேயே ஓட்டற எங்க அண்ணன் பையனுக்கு ரெண்டுமே சாலிட்தான் சரி: வழவழன்னு காய்ஞ்ச சிமென்ட் தரை, மழை கிடையாது, குழி கிடையாது, ஆனா உடைஞ்ச ஊசியும் ஸ்டேப்ளர் பின்னும் தரையெல்லாம் கிடக்கும். இட்டேரியில் போற எங்க பையனோ இன்னும் காத்து டயர்தான் ஓட்டறான். சாலிட் டயருக்கு எடுத்து வெச்ச காசில் ஒரு அழுத்தமானியும், ஒரு உபரி ட்யூபும், ஒரு பஞ்சர் திரவப் பாட்டிலும் வாங்கினது போக, மீதியை நான் கோலப்பொடி டப்பாவில் போட்டு வெச்சிருக்கேன்.